தேர்தல் விளம்பரம்: சின்னம் கிடைத்த நாளிலிருந்து எண்ணினால் கையில் எத்தனை நாள்?

கொள்ளிடக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். டிடிபி, ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கூடவே உள்ளூர் நகைக்கடை, பள்ளிக்கூடங்களுக்கு ஆன்லைன் விளம்பரமும் போட்டுத் தருகிறேன். 2024 மக்களவைத் தேர்தலில் ஒரு சுயேச்சை வேட்பாளருக்காக வேலை செய்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர். கட்சி, ஆள்படை எதுவும் கிடையாது, அவருடைய பழைய மாணவர்கள்தான் கூட நின்றார்கள்.

மார்ச் 30 மாலை சின்னம் ஒதுக்கினார்கள். ஏப்ரல் 17 மாலை ஆறு மணிக்குப் பிரச்சாரம் முடிவு. நடுவில் பதினெட்டு நாள். அதில் விளம்பரம் ஓடியது ஏழு நாள்கூட இல்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். 31-ஆம் தேதி ஞாயிறு, அவர் வீட்டுத் திண்ணையிலேயே வீடியோ எடுத்தோம். மறுநாள் ஒரு சமூக வலைத்தளத்தில் பூஸ்ட் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் நிராகரிப்பு: இது அரசியல் விளம்பரம், முதலில் அடையாளத்தை உறுதிசெய்யுங்கள் என்று. ஆதாரைப் படம் எடுத்து ஏற்றினேன். இரண்டு நாள் கழித்து அதுவும் திரும்பி வந்தது. ஆதாரில் என் இனிஷியலும் முழுப்பெயரும் இருக்கிறது. வலைத்தளக் கணக்கில் வீட்டில் கூப்பிடும் சுருக்கப் பெயர். தப்பு என்னுடையதுதான். பெயரை மாற்றி மறுபடி கொடுக்க இன்னும் இரண்டு நாள். அதன்பின் 'யார் வெளியிடுவது' என்ற டிஸ்க்ளைமருக்கு ஒரு நாள். அதற்குள் ஒருவர், "கலெக்டர் ஆபீஸில் விளம்பரத்துக்குச் சான்று வாங்கினீர்களா?" என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. 8-ஆம் தேதி ஓடினேன், 10-ஆம் தேதி சான்று கையில் வந்தது. 11-ஆம் தேதி ரம்ஜான் அன்று காலையில்தான் விளம்பரம் ஓட ஆரம்பித்தது.

அடுத்த தேர்தலுக்கு வேறொருவர் என்னிடம் வந்திருக்கிறார். எதை முதலில் தொடங்க வேண்டும், எதற்கு எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஸ்பீடு_போஸ்டர் எழுதியது:

அண்ணா, நீங்கள் தேவையில்லாமல் அலைந்திருக்கிறீர்கள். கலெக்டர் ஆபீஸ் சான்று டிவி, கேபிள், ரேடியோவுக்குத்தான். வேட்பாளர் தன் சொந்தப் பேஜில் போடும் வீடியோவுக்குச் சான்று வேண்டாம் என்று தேர்தல் ஆணையமே சொல்லியிருக்கிறது. சொந்தப் பேஜில் போட்டுவிட்டு அதையே பூஸ்ட் பண்ணுங்கள். புதிதாக விளம்பரம் உருவாக்காதீர்கள், அவ்வளவுதான். நான் இரண்டு வார்டு தேர்தலில் அப்படித்தான் செய்தேன், யாரும் கேட்கவில்லை.

---

வடக்குவாசல் எழுதியது:

ஸ்பீடு தம்பி, பாதிதான் சரி. மீதிப் பாதி ஒரு வேட்பாளரைச் சிக்கலில் மாட்டிவிடும், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். நான் மூன்று தேர்தல்களில் சான்று விண்ணப்பங்களைத் தயார்செய்து கொடுக்கும் வேலையில் இருந்தவள்.

இதன் தொடக்கம் 2004 ஏப்ரலில். ஜெமினி டிவி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவின்படி, டிவியிலும் கேபிளிலும் வரும் அரசியல் விளம்பரங்களுக்கு முன்சான்று கட்டாயமானது. இரண்டு நாள் கழித்து ஆணையம் அதற்கான நடைமுறையை வெளியிட்டது. 2013 அக்டோபர் 25-ஆம் தேதி, சமூக ஊடகமும் மின்னணு ஊடகம்தான், அங்கே வரும் அரசியல் விளம்பரத்துக்கும் முன்சான்று வேண்டும் என்று ஆணையம் சொன்னது. நீங்கள் சொல்லும் விலக்கும் ஆணையம் சொன்னதுதான். தன் கணக்கிலோ வலைப்பூவிலோ ஒருவர் எழுதுவது, படம் போடுவது, வீடியோ ஏற்றுவது விளம்பரமாகக் கருதப்படாது.

ஆனால் காசு கொடுத்த நிமிடமே அது பதிவு என்ற நிலையிலிருந்து விளம்பரமாகிவிடுகிறது. பூஸ்ட் என்பது காசு கொடுத்து மற்றவர் திரையில் காட்டச் சொல்வது. பேஜ் யாருடையது என்பது அங்கே கேள்வியே இல்லை. அந்தப் பணம் செலவுக் கணக்கிலும் ஏறும். வலைத்தளத்துக்குக் கட்டியது மட்டும் இல்லை, வீடியோ தயாரித்த செலவும் அந்தக் கணக்குகளைக் கவனிப்பவர்களின் சம்பளமும் சேரும் என்று அந்த 2013 உத்தரவு சொல்கிறது. வார்டு தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், அது வேறு அமைப்பு. அங்கே யாரும் கேட்கவில்லை என்பதை வைத்து மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் முடிவு எடுக்காதீர்கள்.

கொள்ளிடக்காரன் தம்பிக்கு நாள் கணக்கு: பதிவுபெற்ற தேசிய, மாநிலக் கட்சிகளும் போட்டியிடும் வேட்பாளர்களும் விளம்பரம் வெளியாகும் தேதிக்குக் குறைந்தது மூன்று நாள் முன்னால் விண்ணப்பிக்க வேண்டும். மற்ற யாராக இருந்தாலும் ஏழு நாள். இந்த 'மற்ற யாராக இருந்தாலும்' என்ற இடத்தில்தான் சுயேச்சைகள் தடுக்கி விழுகிறார்கள். போட்டியிடுவோர் பட்டியலில் பெயர் வருவதற்கு முன்னால் போய் நின்றால், நீங்களும் அந்த 'மற்றவர்' கணக்கில் சேர்ந்துவிட வாய்ப்பு உண்டு.

---

ஏரிக்கரை எழுதியது:

நல்ல இழை. எனக்கும் இதே பிரச்சினைதான், வழி சொல்லுங்கள். நாங்கள் கட்சி இல்லை, ஏரி மீட்கும் சின்ன அறக்கட்டளை. தேர்தலும் இப்போது இல்லை. 'ஏரி ஆக்கிரமிப்பை அகற்றச் சட்டம் கடுமையாக வேண்டும், கையெழுத்திடுங்கள்' என்று ஒரு விளம்பரம் போட்டோம். அரசியல் விளம்பரம் என்று நிறுத்திவிட்டார்கள். போன மாதம் 'சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தூர்வாருகிறோம், மண்வெட்டியோடு வாங்க' என்று போட்டது சிக்கலில்லாமல் ஓடியது. ஏரி அதே ஏரிதான். நாங்களும் கலெக்டர் ஆபீஸ் போக வேண்டுமா?

---

வடக்குவாசல் எழுதியது:

ஏரிக்கரை, உங்களுடையது இந்த இழையின் கேள்வி இல்லை, ஆனாலும் பக்கத்து வீட்டுக் கேள்விதான். தேர்தல் காலம் இல்லை என்பதால் இப்போதைக்குக் கலெக்டர் ஆபீஸ் வேண்டாம். உங்களை நிறுத்தியது தளத்தின் விதி. மெட்டாவை எடுத்துக்கொண்டால், இந்தியாவில் 2019 பிப்ரவரியிலிருந்து அரசியல் விளம்பரத்துக்கு அடையாள உறுதியும் டிஸ்க்ளைமரும் கட்டாயம். 2021 கடைசியில் அதில் சமூகப் பிரச்சினைகளையும் சேர்த்தார்கள். சுற்றுச்சூழல், சுகாதாரம், கல்வி, பொருளாதாரம் எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன.

அவர்கள் பார்ப்பது எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதை மட்டும் இல்லை. ஒரு விஷயத்துக்கு ஆதரவாகவோ எதிராகவோ மக்களைத் திரட்டுகிறீர்களா என்றும் பார்க்கிறார்கள். 'மண்வெட்டியோடு வாங்க' என்பது ஒரு வேலைக்கு அழைப்பு. 'சட்டம் கடுமையாக வேண்டும்' என்பது ஒரு கொள்கைக்கு ஆதரவு திரட்டல். எல்லாச் சமயமும் கோடு இவ்வளவு தெளிவாக விழாது, மண்வெட்டி விளம்பரமே இன்னொரு நாள் மாட்டலாம். வார்த்தையை மாற்றி மாற்றித் தப்பிப்பதைவிட ஒரு தடவை அடையாள உறுதியை முடித்துவிடுங்கள், உங்கள் அறக்கட்டளைக்கு வருடம் முழுவதும் உதவும்.

---

ஏரிக்கரை எழுதியது:

நன்றிங்க அக்கா. இன்னொரு தயக்கம். டிஸ்க்ளைமரில் போன் நம்பர், மின்னஞ்சல் எல்லாம் கேட்கிறது. எங்களுக்கு ஆபீஸ் கிடையாது, என் சொந்த நம்பர்தான் உண்டு. அது வெளியே தெரியுமா?

---

வடக்குவாசல் எழுதியது:

தெரியும். விளம்பர நூலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த விளம்பரமும் அதன் விவரங்களும் ஏழு வருடம் அங்கே கிடக்கும். ஆக்கிரமிப்பைப் பற்றிப் பேசும்போது சொந்த நம்பரைக் கொடுக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் அப்படிக் கொடுத்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கெல்லாம் வந்த அழைப்புகளால் நம்பரையே மாற்ற வேண்டியிருந்தது. அறக்கட்டளை பெயரில் தனி சிம் வாங்குங்கள், தனி மின்னஞ்சல் தொடங்குங்கள். அந்த சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடாதீர்கள், சரிபார்ப்பு எண் அதற்குத்தான் வரும்.

---

லாஷப்பேல்_ரவி எழுதியது:

பாரிஸிலிருந்து எழுதுகிறேன். ஊரில் என் பெரியப்பா மகன் நிற்கப் போகிறான். நான் இங்கிருந்தே என் கணக்கில், என் கார்டில் விளம்பரம் போட்டுவிட்டால் அவனுக்கு இந்த அலைச்சல் இருக்காதே? எனக்கு இந்த வேலை நன்றாகத் தெரியும்.

---

வடக்குவாசல் எழுதியது:

ரவி, தயவுசெய்து செய்யாதீர்கள். எந்த நாட்டு மக்களுக்குக் காட்டுகிறோமோ அந்த நாட்டில் இருப்பவர்தான் அடையாள உறுதி பெற்று அரசியல் விளம்பரம் போட முடியும். முதல் தடை அது. பணம் அதைவிடப் பெரிய தடை. நீங்கள் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியிருந்தால், உங்கள் பணம் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்துக்குள் வந்துவிடும், வேட்பாளர் அதை வாங்கவே கூடாது. இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும், வேட்பாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் அவருக்காக விளம்பரச் செலவு செய்வது தேர்தல் குற்றம். உதவ வேண்டும் என்றால் வீடியோ வெட்டுவது எப்படி என்று தம்பிக்குச் சொல்லிக்கொடுங்கள்.

---

லாஷப்பேல்_ரவி எழுதியது:

சரி அக்கா, புரிந்தது. இங்கேயும் நிலைமை மாறிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அரசியல் விளம்பர வெளிப்படைத்தன்மைச் சட்டம் 2025 அக்டோபர் 10 முதல் முழுமையாக அமலுக்கு வந்தது. அதையொட்டி மெட்டாவும் கூகுளும் இங்கே அரசியல் விளம்பரம் வாங்குவதையே நிறுத்திவிட்டன. நகரசபைக்கு நிற்கும் நம் ஆட்களும் மறுபடி நோட்டீஸைக் கையில் எடுத்துக்கொண்டு கடைகடையாகப் போகிறார்கள்.

---

வடக்குவாசல் எழுதியது:

கொள்ளிடக்காரன் தம்பி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் 2024 தேதிகளையே எடுத்துப் போட்டுப் பார்ப்போம்.

உங்களிடம் இரண்டு வரிசைகள் இருந்தன. ஒன்று தளத்தின் வரிசை: அடையாளம், டிஸ்க்ளைமர், விளம்பரப் பரிசீலனை. இன்னொன்று கலெக்டர் ஆபீஸில் சான்று தரும் மாவட்ட ஊடகச் சான்றளிப்புக் குழுவின் வரிசை. ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றில் போய் நின்றீர்கள், நாள் போனது அதனால்தான். முதல் வரிசைக்குச் சின்னமே தேவையில்லை. மார்ச் 16-ஆம் தேதி தேர்தல் அறிவிப்பு வந்தது. அன்றைக்கே, இன்னும் சொன்னால் அதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே, அடையாள உறுதியை முடித்திருக்கலாம். பெயர் ஒத்துப்போகாமல் நான்கு நாள் போனதே, அது பிப்ரவரியில் போயிருந்தால் யாருக்கும் நட்டம் இல்லை.

டிஸ்க்ளைமரும் அப்படித்தான். ஆனால் அதில் வரும் பெயரை முன்கூட்டியே முடிவுசெய்துவிடுங்கள். வேட்பாளர் பெயரா, உங்கள் கடைப் பெயரா? நான் வேட்பாளர் பெயரைத்தான் சொல்வேன், பணம் அவருடையது. பாதியில் பெயரை மாற்றினால் டிஸ்க்ளைமர் மறுபடி பரிசீலனைக்குப் போகும். பேஜில் அட்மின் அனுமதி உள்ளவர்தான் அதை உருவாக்கி விளம்பரக் கணக்கோடு இணைக்க முடியும். வேட்பாளரின் மருமகன் கையில் அட்மின், உங்கள் கையில் எடிட்டர் என்று இருந்தால், அவர் வெளியூர் போன அன்று நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இரண்டு பேர் அடையாள உறுதி பெற்றிருக்கட்டும்.

இரண்டாவது வரிசை மார்ச் 30 மாலை தொடங்குகிறது. 31 ஞாயிறு, படம் எடுத்தீர்கள். அன்று ராத்திரியே எழுத்துப் பிரதியையும் தட்டச்சு செய்திருக்க வேண்டும். வீடியோவில் பேசும் ஒவ்வொரு வார்த்தையும், திரையில் வரும் எழுத்துகளும் அதில் இருக்க வேண்டும். பிரதியிலும் பதிவிலும் இரண்டு படிகள், பிரதியில் முறைப்படி சான்றொப்பம். விண்ணப்பத்தில் தயாரிப்புச் செலவு எவ்வளவு, வெளியிட எவ்வளவு செலவாகும் என்று கேட்பார்கள். தோராயமாக எழுதிவிட்டு வராதீர்கள், அந்த எண்ணைச் செலவினப் பார்வையாளர் பிறகு உங்கள் பதிவேட்டோடு ஒப்பிடுவார். பணத்தைக் காசோலை அல்லது டிராஃப்ட் மூலம் கொடுப்பதாக உறுதிமொழியும் உண்டு.

ஏப்ரல் 1 திங்கள் காலை விண்ணப்பம் கொடுத்தால் குழு இரண்டு நாளில் முடிவு சொல்ல வேண்டும், அதாவது 3-ஆம் தேதி. மூன்று நாள் விதிப்படி 4-ஆம் தேதி வெளியிடலாம். அன்று காலை ஏற்றிவிட்டுத் தளத்தின் பரிசீலனைக்குக் காத்திருங்கள். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் முடியும், அரசியல் விளம்பரம் என்றால் அதற்கு மேலும் இழுக்கும். ஆக 5 அல்லது 6-ஆம் தேதி ஓட ஆரம்பித்திருக்கும். உங்களுக்கு 11. ஐந்து முழு நாள்கள் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

இதில் குழு ஒரு வாக்கியத்தை நீக்கச் சொன்னால் என்ன ஆகும்? திருத்திய வீடியோ, திருத்திய பிரதி, மறுபடி கலெக்டர் ஆபீஸ். அதற்கு இரண்டு நாள் ஒதுக்காமல் நான் எந்தத் திட்டமும் போடுவதில்லை. எதிர் வேட்பாளரைப் பெயர் சொல்லித் திட்டும் வரி, கோவில் கோபுரமோ மசூதியோ பின்னணியில் தெரியும் காட்சி, ராணுவ வீரர் படம், இவையெல்லாம் வீடியோவில் இருந்தால் திரும்பி வரும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் எடுத்தது மிக நல்ல யோசனை.

---

மேசைவிளக்கு எழுதியது:

வடக்குவாசல் அவர்கள் எழுதியதோடு, தளத்தின் பக்கத்தில் நான் பட்ட ஒரு அனுபவத்தையும் சேர்க்கிறேன். எங்கள் விளம்பரம் சரியான நாளில் தொடங்கியது. சிக்கல் முடிவில் வந்தது.

வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் பிரச்சாரம் கூடாது, அது தெரியும். ஏப்ரல் 17 மாலை ஆறு மணி என்று முடிவு நேரத்தைப் பதிந்து வைத்தேன். நிம்மதியாக டீ குடிக்கப் போனேன். ராத்திரி ஒன்பதரைக்கு வேட்பாளரின் முகவர் கூப்பிட்டு, விளம்பரம் இன்னும் ஓடுகிறது, எதிர்த்தரப்பு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டார்கள் என்றார். போய்ப் பார்த்தால் விளம்பரக் கணக்கின் நேர மண்டலம் அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் இருக்கிறது. எப்போதோ தொடங்கிய பழைய கணக்கு. அங்கே மாலை ஆறு என்றால் இங்கே மறுநாள் காலை ஆறரை. உடனே நிறுத்தினேன், ஆனால் மூன்றரை மணி நேரம் ஓடிவிட்டது. விளக்கக் கடிதம், இன்வாய்ஸ், கணக்கின் அமைப்புப் பக்கம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தேர்தல் நடத்தும் அலுவலரிடம் போய் நின்றோம். வேட்பாளர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

கொள்ளிடக்காரன், இன்றைக்கே உங்கள் கணக்கின் அமைப்புகளில் போய் இந்த இரண்டும் இருக்கின்றனவா பாருங்கள்:

```
Time zone: Asia/Kolkata
Currency: INR
```

இல்லையென்றால் பழைய கணக்கை மாற்றி எழுத முடியாது, புதிய விளம்பரக் கணக்குதான் உருவாகும். புதுக் கணக்குக்கு ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்று தாழ்ந்த வரம்பு இருக்கும். ஒழுங்காகப் பணம் கட்டக் கட்டத்தான் அது உயரும். தேர்தல் வாரத்தில் புதுக் கணக்கோடு நின்றால், சான்றும் அனுமதியும் இருந்தும் பணத்தைச் செலவிட முடியாமல் நிற்பீர்கள். இப்போதே கணக்கைத் தொடங்கி, அதில் உங்கள் கடை விளம்பரத்தையாவது ஓட்டி வையுங்கள்.

அப்புறம், ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரத்தில் எழுத்துப் பிழை இருக்கிறதே என்று கை வைக்காதீர்கள். வாசகத்தைத் தொட்டால் மறுபடி பரிசீலனைக்குப் போய்விடும், அது முடியும்வரை விளம்பரம் நிற்கும். சான்று பெற்ற வாசகமும் ஓடும் வாசகமும் வேறாகிவிடும் ஆபத்தும் உண்டு. ஏற்றுவதற்கு முன்பே பிழை பார்க்க ஒருவரை உட்கார வையுங்கள்.

---

ஸ்பீடு_போஸ்டர் எழுதியது:

அக்கா, பூஸ்ட் விஷயத்தில் நான் நினைத்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். சான்றும் வாங்கி, தளத்திலும் அடையாளம் கொடுத்து... ஏற்கெனவே ஆணையம் பார்த்துவிட்டதே, அந்தச் சான்றைக் காட்டினால் தளம் உடனே விட்டுவிடாதா?

---

வடக்குவாசல் எழுதியது:

விடாது தம்பி. இரண்டும் பார்ப்பது வேறு வேறு. குழு பார்ப்பது விளம்பரத்தில் என்ன சொல்லப்படுகிறது என்பதை. தளத்தின் அடையாள உறுதி பார்ப்பது யார் போடுகிறார், எந்த நாட்டில் இருக்கிறார் என்பதை. கூகுளில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. அங்கே இந்தியத் தேர்தல் விளம்பரம் என்றால் விளம்பரதாரர் சரிபார்ப்பும் வேண்டும், ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஆணையத்தின் முன்சான்றும் வேண்டும். யூடியூபில் போட நினைத்தால் சான்று கைக்கு வரும் முன் எதுவும் நடக்காது. அதனால் கொள்ளிடக்காரன் தம்பி, யூடியூபை முதல் வாரத் திட்டத்தில் வைக்காதீர்கள்.

---

நடுநிலைவாசகன் எழுதியது:

எனக்கு இந்த முறையிலேயே உடன்பாடு இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு சொல்வது சினிமா, தொலைக்காட்சி, அதுபோன்ற கருவிகள். அதற்குள் கைப்பேசியை அடக்கிப் படிக்கிறார்கள். கடைசி 48 மணி நேரத்தில் செய்தித்தாளில் முழுப்பக்க விளம்பரம் வரலாம், வாக்குப்பதிவு நாளுக்கும் முந்தைய நாளுக்கும் முன்சான்று இருந்தால் போதும். ஐயாயிரம் ரூபாய்க்கு கைப்பேசியில் விளம்பரம் போடும் சுயேச்சை மட்டும் நிறுத்திவிட வேண்டும். பெரிய கட்சிக்குச் சான்று வாங்கத் தனி ஆளே இருக்கிறார். மூன்று நாள், இரண்டு நாள் என்ற தாமதமெல்லாம் யாரை அடிக்கிறது? கொள்ளிடக்காரனின் ஆசிரியரைத்தான்.

---

வடக்குவாசல் எழுதியது:

தாமதம் சின்னவரைத்தான் அதிகம் அடிக்கிறது என்பதில் உங்களோடு முழுவதும் ஒத்துப்போகிறேன், கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் சான்றே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். யார் என்றே தெரியாத பேஜிலிருந்து ஒரு வேட்பாளரைப் பற்றி அவதூறு வீடியோ பணம் கொடுத்து ஓடியதையும் பார்த்திருக்கிறேன். அதில் அடிபட்டவரும் ஒரு சின்ன வேட்பாளர்தான். புகார் கொடுத்து நிறுத்துவதற்குள் வாக்குப்பதிவே வந்துவிட்டது. 2019-இல் தளங்கள் ஆணையத்தோடு ஒப்புக்கொண்ட நெறிமுறைப்படி, அந்த 48 மணி நேரத்தில் ஆணையம் சுட்டிக்காட்டும் மீறல்களை மூன்று மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். ஆனால் ஆணையம் சுட்டிக்காட்ட வேண்டுமென்றால், முதலில் யாராவது அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

---

நடுநிலைவாசகன் எழுதியது:

அவதூறைத் தடுக்க டிஸ்க்ளைமர் போதுமே அக்கா? யார் போட்டார் என்று தெரிந்தால் வழக்குப் போடலாம். முன்கூட்டியே ஒரு குழு படித்துப் பார்ப்பது எதற்கு? என் கேள்வி அங்கேயேதான் நிற்கிறது.

---

மேசைவிளக்கு எழுதியது:

இதை இங்கே முடிக்க முடியாது என்று நினைக்கிறேன். எனக்கு வேறொரு கேள்வி. 60 வினாடி வீடியோவுக்குச் சான்று வாங்கினேன். அதையே 15 வினாடியாக வெட்டிப் போட்டால் புதுச் சான்று வேண்டுமா? எங்கள் மாவட்டத்தில், முழு வீடியோவில் இருக்கும் வார்த்தைதானே, வேண்டாம் என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள்.

---

வடக்குவாசல் எழுதியது:

நான் அப்படிப் போட மாட்டேன். வெட்டும்போது பொருள் மாறலாம். 'பாலம் கட்டித் தருவேன் என்று சொல்லமாட்டேன், கேட்டு வாங்கித் தருவேன்' என்பதில் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். 60, 30, 15 மூன்றையும் முதல் நாளே வெட்டி, மூன்றுக்கும் தனித்தனிப் பிரதியோடு ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பேன். வாய்வார்த்தை பார்வையாளர் முன்னால் செல்லாது. உங்கள் மாவட்டத்தில் எழுத்தில் கொடுத்தால் அது வேறு விஷயம்.

---

ஏரிக்கரை எழுதியது:

மன்னிக்கவும், மறுபடி நான்தான். தேர்தல் அறிவித்த பிறகு எங்கள் ஏரி விளம்பரம் ஓடினால்? கட்சிப் பெயர் எதுவும் சொல்லமாட்டோம். ஆனால் எங்கள் தொகுதியில் ஒரு வேட்பாளர் ஏரியைப் பற்றித்தான் பேசுகிறார்.

---

வடக்குவாசல் எழுதியது:

கடினமான இடம். கட்சியோ வேட்பாளரோ அல்லாதவர் போடும் அரசியல் விளம்பரத்துக்கும் விண்ணப்பப் படிவத்தில் இடம் இருக்கிறது. இது எந்தக் கட்சிக்கோ வேட்பாளருக்கோ ஆதாயமாக இல்லை, யாரும் இதற்குப் பணம் தரவில்லை என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். உங்களுக்கு ஏழு நாள் விதி. உங்கள் விளம்பரம் அரசியல் தன்மை உள்ளதா என்பதிலேயே இரண்டு அதிகாரிகள் இரண்டு விதமாகச் சொல்லக்கூடும். நானாக இருந்தால் வாசகத்தை இணைத்து, சான்று தேவையா என்று கேட்டு ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கிவைத்திருப்பேன்.

---

நடுநிலைவாசகன் எழுதியது:

ஏரிக்கரை, நான் கேட்கவே வேண்டாம் என்பேன். கேட்டால் 'வேண்டும்' என்றுதான் பதில் வரும். அந்த ஒரு மாதம் விளம்பரத்தை நிறுத்திவிட்டுச் சொந்தப் பேஜில் காசு கொடுக்காமல் எழுதுங்கள். அதற்கு யாருடைய சான்றும் வேண்டாம்.

---

கொள்ளிடக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இந்த வாரம் செய்தவற்றைச் சொல்கிறேன். என் கணக்கின் நேர மண்டலம் பார்த்தேன், இந்திய நேரத்தில்தான் இருக்கிறது. அடையாள உறுதி பழையது இருக்கிறது. ஆனால் பேஜ் புதிது என்பதால் டிஸ்க்ளைமரை முதலிலிருந்து கொடுக்க வேண்டும். வேட்பாளரின் மகளையும் இரண்டாவது ஆளாக அடையாள உறுதிக்கு விண்ணப்பிக்க வைத்தேன். அவருடைய கணக்கில் திருமணத்துக்குப் பிந்தைய பெயர், ஆதாரில் அப்பா இனிஷியல். போன தடவை எனக்கு நடந்ததேதான். இந்த முறை முன்கூட்டியே கவனித்துப் பெயரை மாற்றச் சொல்லிவிட்டேன்.

செலவுக்கு: தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கியதும் அந்தக் கணக்கின் கார்டையே விளம்பரக் கணக்கில் இணைக்கச் சொல்லியிருக்கிறேன். போன தடவை என் கடை கார்டில் கட்டிவிட்டு, ஆசிரியர் எனக்குக் காசோலை கொடுத்து, அதற்கு ரசீது தேடி அலைந்தோம்.

தொடக்க நாளைப் பற்றி நானும் வேட்பாளரும் பேசினோம். சின்னம் கிடைத்த ஏழாவது நாள்தான் ஆன்லைன் விளம்பரம் தொடங்கும் என்று வைத்துக்கொண்டோம். அதுவரை ஆட்டோ, நோட்டீஸ், வீடு வீடாகப் போவது. நோட்டீஸில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் முகவரி போடுவது எனக்குக் கைவந்த வேலை. முன்னாலேயே கிடைத்தால் சந்தோஷம், ஆனால் அதை நம்பிப் பணத்தை ஒதுக்கவில்லை.

15 வினாடி வீடியோ விஷயத்தை எங்கள் கலெக்டர் ஆபீஸில் செவ்வாய்க்கிழமை எழுத்தில் கேட்கப் போகிறேன். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன். மேசைவிளக்கு, உங்கள் மாவட்டத்தில் யாரிடம் கேட்டீர்கள், தேர்தல் தாசில்தாரிடமா, மக்கள் தொடர்பு அலுவலரிடமா?

---

மேசைவிளக்கு எழுதியது:

மக்கள் தொடர்பு அலுவலர் அறையில். அங்கேதான் குழுவின் கோப்புகள் இருந்தன. காலை பதினொன்றுக்குள் போய்விடுங்கள், பிறகு அவர் செய்தியாளர்களோடு வெளியே கிளம்பிவிடுவார்.